ஐந்தாம் பிரிவு என்ன தருகிறது? கச்சத்தீவு ஒப்பந்தமும் ஒரு தேர்வுக் கேள்வியும்

சர்வதேசச் சட்டத் தாளிலும் அரசியல் அறிவியல் தாளிலும் ஓர் ஒப்பந்தப் பிரிவை அப்படியே அச்சிட்டு, "இப்பிரிவின் பொருளையும் விளைவையும் விளக்குக" என்று கேட்பதுண்டு. கேள்வி ஒரு வரிதான். ஆனால் அதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பொருள் என்பது அந்த வாசகம் யாருக்கு, எதை, எந்த வரம்புக்குள் தருகிறது என்பது. விளைவு என்பது அந்த வாசகத்தால் சட்டநிலை என்ன ஆனது, பின்னால் வந்த எது அதைத் தொட்டது, எந்த இடத்தில் அது செல்லுபடியாகும் என்பது. பல விடைகள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றை எழுதுகின்றன: ஒப்பந்தத்தின் கதை. யார் கையெழுத்திட்டார், யார் எதிர்த்தார், பிறகு என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் ஓடும். கேள்வித்தாளில் அச்சிட்ட வாசகத்திலிருந்து ஒரு சொல்கூட விடைக்குள் வந்திருக்காது.

கதை தெரிந்திருப்பதே இடைஞ்சலாகிவிடும் ஒப்பந்தங்கள் சில உண்டு. தமிழ் மாணவருக்கு அப்படிப்பட்டது 1974ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தம். பாக் நீரிணை முதல் ஆதாம் பாலம் வரை உள்ள கடலில் எல்லைக்கோடு வகுக்க இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் அவ்வாண்டு ஜூன் இறுதியில் கையெழுத்திட்டது அது. மொத்தம் எட்டே பிரிவுகள். மக்கள் அதைக் கச்சத்தீவு ஒப்பந்தம் என்றே அழைக்கிறார்கள். மேடையில் கேட்டதும் செய்தித்தாளில் படித்ததும் மனதில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், தேர்வறையில் வாசகத்தைப் படிக்காமலே விடை எழுதத் தோன்றும். அதனாலேயே இது நல்ல பயிற்சிக் களம்.

கேள்வியில் கொடுக்கப்படுவது ஐந்தாம் பிரிவு என்று கொள்ளலாம். ஆங்கில மூலத்தை ஒட்டித் தமிழில் சொன்னால் அது இப்படி அமையும்: "மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரும் உரிமையைப் பெறுவர், இந்த நோக்கங்களுக்காக அவர்கள் பயண ஆவணங்களோ விசாவோ பெற வேண்டும் என இலங்கை கோராது."

இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதில் என்ன இல்லை என்பதல்ல. என்ன இருக்கிறது என்பதுதான். துண்டு துண்டாக எடுத்துக்கொண்டால் ஐந்து துண்டுகள் கிடைக்கும்.

முதல் துண்டு "மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு". அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இடம் இது. சட்டத்தைப் பொறுத்தவரை வாக்கியத்தின் கனமான பகுதியும் இதுவே. மேற்கூறியவை எவை? ஒன்று முதல் நான்கு வரையான பிரிவுகள். முதல் பிரிவு எல்லைக்கோடு செல்லும் புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கில் அடுக்குகிறது. அடுத்த இரண்டும் அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் குறிப்பது, கடலில் நிலைநிறுத்துவது பற்றியவை. நான்காவது, கோட்டுக்குத் தன் பக்கம் விழும் நீர்ப்பரப்பு, தீவுகள், கண்டத்திட்டு, அதன் அடிமண் ஆகியவற்றின்மீது அந்தந்த நாட்டுக்கு இறைமையும் தனியுரிமையான அதிகாரமும் கட்டுப்பாடும் உண்டு என்கிறது. கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தள்ளிச் செல்கிறது. எனவே தீவு இலங்கையின் பக்கம். ஐந்தாம் பிரிவு தரும் உரிமை எதுவானாலும் அது அந்த இறைமைக்குக் கீழ்ப்பட்டது என்பதே இந்த முதல் துண்டின் பொருள்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கச்சத்தீவு என்ற பெயர் பிரிவுகளில் தலைகாட்டுவது இந்த ஐந்தாம் இடத்தில் மட்டும்தான். "கச்சத்தீவு இலங்கைக்கு உரியது" என்றோ "இந்தியா தீவை அளிக்கிறது" என்றோ ஒரு வரிகூட அதில் கிடையாது. தீவு யாருடையது என்ற முடிவு, முதல் பிரிவின் கோட்டையும் நான்காம் பிரிவின் பொது விதியையும் சேர்த்துப் படித்தால்தான் வெளிப்படும். வரலாற்றுச் சான்றுகளும் சட்டக் கூறுகளும் கருத்தில் கொள்ளப்பட்டன என்று முகவுரை சொல்கிறது. அவை யாருக்குச் சாதகமாக இருந்தன என்று சொல்லவில்லை. இந்த மௌனம் கவனக்குறைவால் வந்ததாகத் தெரியவில்லை. பின்னால் இந்திய நீதிமன்றத்தில் எழுந்த வாதங்கள் பெரும்பாலும் இந்த மௌனத்தைச் சுற்றியே நடந்தன.

இரண்டாம் துண்டு, உரிமை யாருக்கு என்பது. இந்திய மீனவர்கள், யாத்திரிகர்கள். இந்தியக் குடிமக்கள் அனைவரும் அல்லர். சுற்றிப் பார்க்கப் போகும் பயணி, படம் எடுக்கப் போகும் குழு, வியாபாரி யாரும் இதற்குள் வரமாட்டார்கள். யாத்திரிகர் என்றால் புனித அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குச் செல்பவர் என்று வழக்கத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கோயிலின் பெயரோ திருவிழாவின் பெயரோ வாசகத்தில் இல்லை.

மூன்றாம் துண்டு, உரிமை எதற்கு என்பது. கச்சத்தீவுக்குச் சென்றுவர. போக்குவரத்து உரிமை அது. இடம் தீவு, தீவைச் சுற்றியுள்ள கடல் அல்ல. "மீனவர்" என்ற சொல்லைக் கண்டதும் "மீன்பிடி உரிமை" என்று எழுதிவிடும் விடைகள் ஏராளம். மீனவர் என்பது உரிமை பெறும் ஆளைக் குறிக்கிறது. அவர் செய்யலாம் என்று சொல்லப்படும் செயல் சென்றுவருதல். நிலப் பத்திரங்களில் இதற்கு நெருக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு. தோட்டம் ஒருவர் பேரில் பட்டாவாகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதன் வழியே கிணற்றுக்குப் போய்வரலாம் என்று வழிநடைப் பாத்தியம் எழுதியிருக்கும். நடக்கலாம் என்பதால் தேங்காய் பறிக்கலாம் என்று ஆகாது.

நான்காம் துண்டு "இதுவரை போலவே". உரிமையின் அளவை இதுதான் தீர்மானிக்கிறது. 1974க்கு முன் மீனவர்களும் யாத்திரிகர்களும் தீவில் என்ன செய்துவந்தார்களோ அதே அளவில் தொடரலாம். அந்த அளவு என்ன என்பதை ஒப்பந்தம் எழுதி வைக்கவில்லை. வெளியிலிருந்து சான்று கொண்டுவந்துதான் நிரூபிக்க வேண்டும். வலை உலர்த்துவது, இளைப்பாறுவது, திருவிழாவில் கலந்துகொள்வது ஆகியவை பொதுவாகச் சொல்லப்படுபவை. "வலை உலர்த்தும் உரிமையை ஐந்தாம் பிரிவு வெளிப்படையாகத் தருகிறது" என்று எழுதுவது தவறு. வலை என்ற சொல்லே அங்கு இல்லை. "இதுவரை போலவே என்ற சொற்கள் பழைய வழக்கத்தைக் காக்கின்றன, வலை உலர்த்துவது அந்த வழக்கத்தில் அடங்கும்" என்று எழுதுவது சரி. இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் போகின்றன. ஆனால் வாசகம் எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்பது இரண்டாவது விடையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் துண்டில் "இலங்கை கோராது" என்பதைக் கவனிக்க வேண்டும். ஆவணம் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இலங்கைக்கு மட்டும். இந்திய அதிகாரிகள் தங்கள் கரையில் பெயர்ப் பதிவோ அடையாளச் சான்றோ கேட்பதை இந்த வாக்கியம் தடுக்கவில்லை. திருவிழாவுக்குச் செல்பவர்கள் ராமேஸ்வரத்தில் முன்கூட்டியே பதிவுசெய்து, சோதனை முடிந்து படகேறுவது ஐந்தாம் பிரிவுக்கு முரணல்ல என்பது இதனால்தான். "இந்த நோக்கங்களுக்காக" என்ற சொற்களும் அங்கே சும்மா இல்லை. தீவைத் தாண்டி நெடுந்தீவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக நினைப்பவருக்கு இந்த விலக்கு உதவாது.

வாசகத்தைப் பிரித்துப் பார்த்தாயிற்று. இனி அதை எந்த விதிப்படி விளக்குவது என்ற கேள்வி வரும். ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு இதற்கான பொது விதியைச் சொல்கிறது. சொற்களுக்கு அவற்றின் வழக்கமான பொருளை, அவை வரும் சூழமைவிலும் ஒப்பந்தத்தின் நோக்கத்தின் வெளிச்சத்திலும், நல்லெண்ணத்தோடு கொள்ள வேண்டும். அதே தரப்புகள் பின்னர் செய்துகொண்ட உடன்பாடும் நடைமுறையும் சேர்த்துப் பார்க்கப்படும். அப்படியும் பொருள் தெளியாவிட்டால் 32ஆம் பிரிவின்படி பேச்சுவார்த்தை ஆவணங்கள் போன்ற துணைச் சான்றுகளை நாடலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வியன்னா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1980இல்; இந்தியா அதில் சேரவும் இல்லை. ஆகவே "வியன்னா உடன்படிக்கை இந்த ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்துகிறது" என்று எழுதக் கூடாது. அந்த இரண்டு பிரிவுகளும் எல்லா நாடுகளையும் பிணைக்கும் வழக்காற்றுச் சட்டத்தின் எழுத்து வடிவமே என்று சர்வதேச நீதிமன்றம் பல வழக்குகளில் ஏற்றிருக்கிறது. அந்த வழியாகத்தான் அவை இங்கே வருகின்றன. இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோனால் போதும்.

சூழமைவு என்றதும் பார்க்க வேண்டிய முதல் இடம் பக்கத்து வீடான ஆறாம் பிரிவு. இந்திய, இலங்கைக் கலங்கள் ஒன்று மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்று அது சொல்கிறது. ஐந்தாம் பிரிவில் ஆட்கள், தீவு, சென்றுவருதல். ஆறாம் பிரிவில் கலங்கள், நீர்ப்பரப்பு, மரபுரிமை. இரண்டையும் கலந்து குழப்புவதுதான் தேர்வில் அதிகம் நடக்கும் பிழை. கச்சத்தீவுக் கடலில் மீன்பிடிக்க இந்தியருக்கு 1974 ஒப்பந்தத்தில் உரிமை இருந்தது என்று வாதாட விரும்புபவர் நிற்க வேண்டிய இடம் ஆறாம் பிரிவு. ஐந்தாம் பிரிவு அல்ல.

அந்த வாதம் வலுவானதா? இரண்டு பக்கமும் சொல்ல இருக்கிறது. "மரபாக அனுபவித்த உரிமைகள்" என்ற சொற்கள் விரிந்தவை. பாக் கடலில் தலைமுறைகளாக மீன்பிடித்த படகுகளின் மரபு என்றால் அது மீன்பிடிப்பைத் தவிர வேறென்ன என்று கேட்கலாம். மீன்பிடித்தல், யாத்திரை, கப்பற்போக்குவரத்து ஆகிய உரிமைகள் காக்கப்பட்டிருக்கின்றன என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னதையும் துணைக்கு அழைக்கலாம். எதிர்த்தரப்பு சொல்வது, ஆறாம் பிரிவு கலங்களின் போக்குவரத்தைப் பற்றியது, அதில் மீன் என்ற சொல்லே இல்லை என்பது. அமைச்சரின் பேச்சு ஒரு தரப்பின் பேச்சு மட்டுமே என்றும் சொல்லும். போக்குவரத்துக்கு மட்டும் ஒரு தனிப் பிரிவு எதற்கு என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. வரலாற்று நீர்ப்பரப்பு உள்நாட்டு நீர்ப்பரப்பாகக் கருதப்படும்போது, பிறநாட்டுக் கலங்கள் தீங்கின்றிக் கடந்துபோகும் பொது உரிமை அங்கே கிடையாது. அதனால் போக்குவரத்து உரிமையைத் தனியே எழுதிவைக்க வேண்டியிருந்தது. நல்ல விடை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்; மற்றது இல்லை என்பது போல நடிக்கக் கூடாது.

இனி விளைவு. 1974 வாசகத்தை மட்டும் வைத்து விளைவு எழுதினால் பாதி விடை. இரண்டாண்டு கழித்து, 1976 மார்ச் 23 அன்று, மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுக்கும் இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களான கேவல் சிங்கும் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். இந்திய மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் இலங்கையின் வரலாற்று நீர்ப்பரப்பிலும் ஆட்புலக் கடலிலும் தனிப் பொருளாதார மண்டலத்திலும் அந்நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்க மாட்டார்கள், இலங்கை மீனவர்களும் இந்தியப் பகுதியில் அப்படியே என்பது அந்தக் கடிதங்களின் முதல் பத்தி.

கடிதம்தானே, ஒப்பந்தம் அல்லவே என்று ஒதுக்கிவிட முடியாது. சர்வதேசச் சட்டத்தில் ஆவணத்தின் பெயர் முக்கியமல்ல. இரண்டு அரசுகள் கட்டுப்படும் எண்ணத்தோடு எழுத்தில் ஒத்துக்கொண்டால் அது உடன்பாடு. அடுத்து, இந்தக் கடிதம் 1974 ஒப்பந்தத்தின் கடலைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடிதம் இணைந்துவந்த ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவையும் வங்காள விரிகுடாவையும் பற்றியது, பாக் கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்துக்கு இடையூறாக நிற்பது "வரலாற்று நீர்ப்பரப்பு" என்ற சொல். 1974 ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே உள்ள சொல் அது. பாக் நீரிணை முதல் ஆதாம் பாலம் வரை அது வகுத்த கடலுக்கு அந்த ஒப்பந்தம் இட்ட பெயரும் அதுவே. அதே சொல்லை அதே இரு அரசுகள் இரண்டே ஆண்டில் மீண்டும் எழுதும்போது வேறு பொருளில் எழுதின என்று காட்டுவது கடினம்.

ஆகவே 1976இன் விளைவு என்ன? ஆறாம் பிரிவில் மீன்பிடி உரிமை ஒருவேளை அடங்கியிருந்தால், அந்த அளவுக்கு அது அனுமதி பெற்றே அனுபவிக்கக்கூடியதாகச் சுருங்கியது. அடங்கியிருக்கவில்லை என்றால், இல்லாததை இல்லை என்று 1976 உறுதிப்படுத்தியது. இரண்டு வழியில் போனாலும் மீன்பிடிப்பு பற்றிய முடிவு ஒன்றே என்பது விடை எழுதுபவருக்கு வசதி. ஆனால் ஐந்தாம் பிரிவு? கடிதத்தில் தீவுக்குச் சென்றுவருவது பற்றியோ யாத்திரை பற்றியோ விசா பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பின்னால் வந்த உடன்பாடு முன்னதை மாற்றுவது, இரண்டும் மோதும் இடத்தில் மட்டுமே. மீன்பிடிக்காதே என்பதும் தீவுக்கு வந்துபோகலாம் என்பதும் மோதவில்லை. எனவே ஐந்தாம் பிரிவு முழுமையாக உயிரோடு இருக்கிறது. "1974இல் கொடுத்ததை 1976 பறித்துவிட்டது" என்ற வாக்கியம் மேடைக்குப் பொருந்தும். விடைத்தாளில் அது எதைப் பறித்தது, எதைத் தொடவில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிற்கால நடைமுறையும் இதோடு ஒத்துப்போகிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் தடைபட்ட திருவிழாப் பயணம் பிறகு தொடர்ந்தது. சென்றுவரும் உரிமை மீன்பிடிப்பை உள்ளடக்கவில்லை என்பதையே இந்திய அரசும் நாடாளுமன்றப் பதில்களில் தன் நிலையாகச் சொல்லியிருக்கிறது.

விளைவின் இன்னொரு பாதி உள்நாட்டுச் சட்டம். இரண்டு அரசுகளுக்கு இடையே செல்லுபடியாகும் வாசகம், ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் அப்படியே செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இலங்கையில் பிடிபடும் இந்தியப் படகின்மீதான வழக்கு பொதுவாக அந்நாட்டின் 1979ஆம் ஆண்டு அந்நிய மீன்பிடிப் படகுகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. நீதவான் முன் இருப்பது அந்தச் சட்டம்; ஒப்பந்தம் அல்ல.

இந்தியப் பக்கத்தில் கேள்வி வேறு. இந்திய நிலப்பகுதியை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960இல் கருத்துரைத்தது. அதையொட்டி ஒன்பதாம் திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்காக அப்படி எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை. ஆகையால் 1974 ஒப்பந்தம் செல்லாது என்பது தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற மனுக்களின் மையம். ஜெயலலிதா 2008இல் தொடுத்த வழக்கு அவற்றில் முதன்மையானது. மத்திய அரசின் பதில், விட்டுக்கொடுத்தல் நடக்கவே இல்லை என்பது. உரிமை தீராத இடத்தில் எல்லை மட்டுமே வகுக்கப்பட்டது. எல்லைத் தகராறைத் தீர்ப்பதற்குத் திருத்தம் தேவையில்லை என்று கட்ச் ராண் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1969இல் சொன்ன தீர்ப்பு அதற்கு ஆதாரம். தீவு யாருடையது என்று ஒப்பந்தம் எங்கும் சொல்லாமல் விட்டதன் பலன் இங்கே தெரிகிறது. தீவு ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது என்று நிறுவ முடிந்தால் முதல் வாதம் ஏறும். அது 1974 வரை தகராறில்தான் இருந்தது என்றால் இரண்டாவது ஏறும். பத்து மதிப்பெண் விடையில் இந்தப் பகுதிக்கு மூன்று வாக்கியங்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கேள்வி ஐந்தாம் பிரிவைப் பற்றியது. ஒப்பந்தம் செல்லுமா என்பதைப் பற்றியது அல்ல.

இவ்வளவையும் தேர்வறையில் எழுத நேரமிருக்காது. சுருக்கிய விடை ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"இப்பிரிவு இந்திய மீனவர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் கச்சத்தீவுக்குச் சென்றுவரும் உரிமையைத் தருகிறது, அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கோர முடியாது. 'மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு' என்பதால் இவ்வுரிமை நான்காம் பிரிவு இலங்கைக்கு ஏற்கும் இறைமைக்குக் கீழ்ப்பட்டது. 'இதுவரை போலவே' என்பது உரிமையின் அளவை 1974க்கு முந்தைய வழக்கத்தோடு கட்டுகிறது. வலை உலர்த்துதல், ஓய்வு, திருவிழா ஆகியவை அதன்வழி அடங்கும். மீன்பிடி உரிமை இவ்வாசகத்தில் இல்லை. அது இருந்திருந்தால் ஆறாம் பிரிவில்தான் இருக்க முடியும். 1976 கடிதப் பரிமாற்றம் அனுமதியற்ற மீன்பிடிப்பை வரலாற்று நீர்ப்பரப்பில் தடுத்ததால் ஆறாம் பிரிவை அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தியது. சென்றுவரும் உரிமையோடு முரண்படாததால் ஐந்தாம் பிரிவைத் தொடவில்லை. எனவே இப்பிரிவு இன்றும் இலங்கையைப் பிணைக்கிறது; ஆனால் மீன்பிடித்த குற்றத்துக்கு அது தற்காப்பாகாது."

இந்த விடையில் ஒவ்வொரு வாக்கியமும் வாசகத்தின் ஒரு சொல்லையோ வேறொரு பிரிவையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. தலைவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. தீவின் பரப்பு 285 ஏக்கர் என்ற செய்தியும் இல்லை. அது தெரிந்திருப்பதில் தவறில்லை. பொருளுக்கோ விளைவுக்கோ அது உதவவில்லை, அவ்வளவுதான்.

சில தாள்களில் கேள்வி இன்னொரு படி போகும். வாசகத்தோடு ஒரு நிகழ்ச்சியும் தந்து சட்டத்தைப் பொருத்தச் சொல்வார்கள். ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் கச்சத்தீவில் படகை நிறுத்தி, கரையில் வலையை உலர்த்துகிறார். அன்று மாலை தீவுக்குக் கிழக்கே அரை மைல் தொலைவில் அதே வலையைப் போடுகிறார். இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. விசா இல்லாமல் நுழைந்தார், அனுமதியின்றி மீன்பிடித்தார் என்று இரண்டு குற்றச்சாட்டுகள். ஐந்தாம் பிரிவு அவரைக் காக்குமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்பவர் சறுக்குவார். அவர் செய்தது ஒரு செயல் அல்ல, மூன்று. தீவில் இறங்கியது நேரடியாக "சென்றுவரும்" உரிமைக்குள் வருகிறது; மீனவர் என்ற தகுதியும் அவருக்கு உண்டு. வலை உலர்த்தியது "இதுவரை போலவே" என்பதற்குள் வழக்கத்தை வைத்து வருகிறது. இந்த இரண்டையும் பொறுத்தவரை விசா இல்லை என்ற முதல் குற்றச்சாட்டு நிற்காது. அதைச் சுமத்துவது இலங்கை 1974இல் ஏற்ற கடமைக்கு மாறானது. அவர் சார்பில் அதை எழுப்ப வேண்டியது இந்திய அரசு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், ஏனென்றால் ஒப்பந்தத்தின் தரப்பு அதுவே.

மூன்றாவது செயல் வேறு. கோடு தீவுக்கு மேற்கே செல்வதால், தீவுக்குக் கிழக்கே உள்ள கடல் ஐயமின்றி இலங்கையின் நீர்ப்பரப்பு. அங்கே வலை வீசியது சென்றுவருதல் அல்ல. ஆறாம் பிரிவைக் கையில் எடுத்தால் 1976 கடிதம் குறுக்கே வரும்; அனுமதி இருந்ததா என்பது மட்டுமே மீதிக் கேள்வி. நிகழ்ச்சியில் அனுமதி இருந்ததாகச் சொல்லப்படவில்லை. இரண்டாம் குற்றச்சாட்டு நிற்கும். வலையைக் காலையில் தீவில் உலர்த்த அவருக்கு உரிமை இருந்தது என்பது மாலையில் அதே வலையைக் கடலில் போட்டதை மாற்றாது.